மாதம் 14 இரவு வெளியூரில்: டூர் திட்டத்தைத் திருத்தி இரவுகளைக் குறைப்பது எப்படி?

ஓயாமல் டூர் போகிறவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை ஹோட்டல் அறைக்குள் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியவை. தண்ணீர் நிறையக் குடியுங்கள், காலையில் கொஞ்சம் நடங்கள், இரவில் போனைத் தள்ளி வையுங்கள். தப்பில்லைதான். ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அன்றைக்கு அந்த அறையில் தங்கியே ஆக வேண்டியிருந்ததா?

ஒரு மாத டூரைப் பிரித்துப் பார்த்தால், தூரம் காரணமாக வெளியே தங்கிய இரவுகள் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். மீதி இரவுகள் திட்டம் போட்ட விதத்தால் வந்தவை. அவற்றைக் கண்டுபிடித்துக் குறைப்பதும், மிச்சமாகும் நாட்கள் மறுபடி டூருக்கே போய்விடாமல் காப்பதும்தான் இந்த வழிகாட்டியின் வேலை. சொந்தமாக டூர் புரோகிராம் போடுகிற, அல்லது அதில் ஓரளவாவது சொல் எடுபடுகிற விற்பனை, சர்வீஸ் ஊழியர்களுக்கு இது பொருந்தும்.

ஏன் இரவுகளை எண்ண வேண்டும்?

அலுவலகம் கிலோமீட்டரையும் விசிட்டையும் எண்ணும். உடம்புக்கும் வீட்டுக்கும் கணக்கு இரவுதான். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ரண்டலும் அவரது குழுவினரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, வேலைக்காகப் பயணம் போகிறவர்களை மாதத்தில் எத்தனை இரவு வெளியே தங்குகிறார்கள் என்பதை வைத்துப் பிரித்துப் பார்த்தது. 1 முதல் 6 இரவு வரை தங்குகிறவர்களைவிட, 14 இரவும் அதற்கு மேலும் தங்குகிறவர்களிடம் தூக்கக் கோளாறு, பதற்றம், மனச்சோர்வு அறிகுறிகள், புகைபிடித்தல், மதுவைச் சார்ந்திருத்தல் எல்லாமே அதிகமாக இருந்தன. பயணம்தான் இதற்கெல்லாம் காரணம் என்று அந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் மாதத்தில் பாதி நாள் வெளியே, கால்வாசி நாள் வெளியே என்ற இரண்டும் ஒன்றல்ல என்பது தெரிகிறது. அதனால் இலக்கையும் இரவுக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. "டூரைக் குறைக்கணும்" என்று சொன்னால் மேலாளருக்கு அது புலம்பலாகக் கேட்கும். "மாதம் 14 இரவை 8 ஆக்கலாம், இதோ திட்டம்" என்றால் பேச்சு வேறு மாதிரி போகும்.

படி 1: ஒவ்வொரு இரவுக்கும் காரணம் எழுதுங்கள்

கடந்த மூன்று மாதச் செலவுக் கணக்கை எடுங்கள். ஹோட்டல் பில் அதில் இருப்பதால் நினைவை நம்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு இரவுக்கும் நான்கு விஷயம் குறித்தால் போதும்: தேதி, தங்கிய ஊர், அன்று மாலை கடைசியாகப் பார்த்த ஆள், மறுநாள் காலை முதல் வேலை. கடைசி இரண்டையும் சேர்த்துப் படித்தால் அந்த இரவு ஏன் வந்தது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

ஓர் உதாரணம். ஒரு விற்பனை அலுவலரிடம் 60 வாடிக்கையாளர்கள். 24 பேர் போய்விட்டு அன்றே திரும்பும் தூரம். மீதி 36 பேர் மூன்று பக்கமாகப் பிரிந்து கிடக்கிறார்கள்: மேற்கே 14 பேர், நான்கு மணி நேரப் பயணம், வடக்கே 12 பேரும் தெற்கே 10 பேரும், தலா மூன்று மணி நேரப் பயணம். ஒரு மாதத்தில் அவர் மேற்கில் 4 இரவும், வடக்கில் இரண்டு தடவையாக 5 இரவும், தெற்கில் இரண்டு தடவையாக 4 இரவும் தங்கினார். தலைமை அலுவலகக் கூட்டத்துக்காக இன்னும் ஒரு இரவு. ஆக மொத்தம் 14.

காரணத்தை எழுதியபோது வந்தது இது. இன்றும் அங்கே வேலை, நாளைக் காலையும் அங்கே வேலை என்ற நியாயமான இரவுகள் 5. "நாளைக்கு வாங்களேன்" என்று ஒரு வாடிக்கையாளர் தள்ளிப்போட்டதால் வந்தவை 3. போன வாரம்தான் போய்வந்த பக்கத்துக்கே நிலுவைப் பணத்துக்காகவோ புகாருக்காகவோ மறுபடி ஓடியதால் 3. காலை ஒன்பது மணிக்கு அங்கே நிற்க வேண்டும் என்று முந்தின நாள் சாயங்காலமே கிளம்பியதால் 2. கூட்டம் 1.

அந்த முந்தின நாள் சாயங்காலத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பெரும்பாலும் அது விடுமுறை நாளின் சாயங்காலமாக இருக்கும். இரவு ஒன்றுதான் போகிறது என்று தோன்றும், ஆனால் மதியத்திலிருந்தே பை அடுக்குவது, துணி எடுத்து வைப்பது என்று ஆள் பாதி கிளம்பிவிட்டிருப்பார். குழந்தைகளுக்கும் அது தெரியும். ஒன்பது மணி சந்திப்பைப் பதினொன்றுக்கு மாற்ற முடியுமா என்று அந்த வாடிக்கையாளரிடம் கேட்டுப் பாருங்கள். பல பேர் ஒன்பது மணியைத் தங்கள் வசதிக்காகச் சொல்லியிருக்கவே மாட்டார்கள். நீங்களே சொன்ன நேரமாக இருக்கும்.

படி 2: நேரில் போனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள்

வாடிக்கையாளர்களை விற்பனைத் தொகையை வைத்து ஏ, பி, சி என்று பிரிப்பது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். அதோடு இன்னொரு கேள்வியையும் சேருங்கள்: கடைசி நான்கு விசிட்டில், நேரில் போனதால் மட்டுமே நடந்தது என்ன? புதிய ஆர்டர், விலைப் பேச்சு, சரக்கு இருப்பைக் கண்ணால் பார்த்தது, கெட்டுப்போன உறவைச் சரிசெய்தது, பழுதைக் கையால் பார்த்தது என்றெல்லாம் இருந்தால் அந்த விசிட் தேவை. "வழக்கமான ஆர்டர் கொடுத்தார், டீ குடித்தோம்" என்பதே நான்கு தடவையும் வந்தால், அவரை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். இடைப்பட்ட மாதத்தில் போன்.

இந்த இடத்தில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். போன் என்றால் "நேரம் கிடைக்கும்போது கூப்பிடுகிறேன்" என்று ஆகிவிடக் கூடாது. இரண்டாவது செவ்வாய், காலை பதினொரு மணி என்று அவருக்கே நாள் சொல்லிவிட வேண்டும். கூப்பிடுவதற்கு முன் அவரது போன மாத ஆர்டரும் நிலுவையும் கையில் இருக்க வேண்டும். இப்படிச் செய்தால் "இவர் நம்மை விட்டுவிட்டார்" என்ற எண்ணம் வராது. இதைச் செய்யாமல் விசிட்டை மட்டும் வெட்டினால், இரண்டே மாதத்தில் போட்டிக் கம்பெனி ஆள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மேலாளரும் "நான்தான் சொன்னேனே" என்பார்.

நம் அலுவலரின் 36 வெளியூர் வாடிக்கையாளர்களில் 8 பேர் ஏ, 12 பேர் பி, 16 பேர் சி. ஏ, பி இருவகைக்கும் மாதம் ஒரு விசிட், சி வகையில் மாதம் பாதிப் பேருக்கு விசிட், மீதிப் பாதிக்கு நாள் குறித்த போன். மாதம் 8, 12, 8 ஆக 28 விசிட். ஏ வகைக்கு மாத நடுவில் ஒரு வீடியோ அழைப்பும் உண்டு.

படி 3: பயணத்தை மறுபடி வரிசைப்படுத்துங்கள்

மூன்று விதிகள்தான், ஆனால் மூன்றும் சேர்ந்தால்தான் பலன்.

முதலாவது, ஒரு பக்கத்துக்கு மாதத்தில் ஒரு பயணம், அதுவும் எப்போதும் ஒரே வாரத்தில். மேற்கு முதல் வாரம், தெற்கு இரண்டாவது வாரம், வடக்கு மூன்றாவது வாரம் என்று வையுங்கள். நான்காவது வாரம் முழுக்கப் பக்கத்துப் பகுதியும் அலுவலகமும். இது இரண்டு மூன்று மாதம் தப்பாமல் நடந்தால் வாடிக்கையாளர்களே "எப்படியும் முதல் வாரம் வருவார்" என்று புகாரையும் காசோலையையும் அதற்கு எடுத்து வைப்பார்கள். ஒரே பக்கத்துக்கு இரண்டாவது தடவை ஓடிய இரவுகள் பெரும்பாலும் இதில் அடங்கிவிடும்.

இரண்டாவது, பல ஊரில் பல அறை எடுக்காமல் நடுவில் ஒரு ஊரில் தங்கி, அங்கிருந்து காலையில் போய் மாலையில் அதே அறைக்குத் திரும்புவது. ஒரு மணி நேரத்துக்குள் எட்டும் ஊர்களுக்கெல்லாம் இது சரிவரும். பை அடுக்கும் அலுப்பு குறையும் என்பது ஒரு புறம். தூக்கம் இன்னொரு புறம். புது இடத்தில் முதல் ராத்திரி சரியாகத் தூக்கம் வராது என்பது எல்லோருக்கும் தெரிந்த அனுபவம். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் அதற்கான காரணத்தைக் காட்டினார்கள்: புது இடத்தில் முதல் இரவில் மூளையின் இடது பாதியில் ஒரு பகுதி ஆழ்ந்து தூங்காமல் பாதி விழிப்பில் இருக்கிறது, சின்னச் சத்தத்துக்கும் எழுப்பிவிடுகிறது. அடுத்தடுத்த இரவுகளில் இந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. ஆக, மூன்று இரவு மூன்று ஊர் என்றால் மூன்றும் முதல் இரவு. மூன்று இரவும் ஒரே அறை என்றால் ஒன்றுதான். அடுத்த மாதமும் அதே ஹோட்டலில், முடிந்தால் அதே அறையைக் கேட்டு வாங்குவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மூன்றாவது, தொலைவில் தொடங்கி வீட்டை நோக்கி வருவது. முதல் நாள் நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடுங்கள். கடைசி நாள் வேலை வீட்டுக்குத் திரும்பும் வழியில் இருக்கட்டும். தள்ளிப்போடும் பழக்கம் உள்ள வாடிக்கையாளரைக் கடைசி நாளில் வைக்கவே கூடாது. அவரை முதல் நாள் பார்த்தால் "நாளைக்கு வாங்க" என்று சொன்னாலும் உங்களுக்கு நாளை இருக்கிறது. கடைசி நாளில் சொன்னால் ஒரு இரவு போச்சு.

இந்த விதிகளை நம் அலுவலரின் கணக்கில் போட்டால்: மேற்கில் 11 விசிட், முதல் நாள் பயணம் போக 3, இரண்டாம் நாள் 5, மூன்றாம் நாள் 3, ஆக 2 இரவு. வடக்கில் 10 விசிட், அதே மாதிரி மூன்று நாளில் 2 இரவு. தெற்கில் ஏழெட்டு விசிட், நாளுக்கு நான்கு என்று வைத்தால் ஒரு இரவு. கூட்டத்துக்கு ஒன்று. மொத்தம் 6. அவசரத்துக்கு என்று 2 இரவைத் தனியாக ஒதுக்கி, 8 என்று எழுதிக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். 6 என்று வாக்குக் கொடுத்துவிட்டு 8 தங்கினால் திட்டம் தோற்றதாகத் தெரியும். வீட்டில் சொல்லும்போதும் 8 என்றே சொல்லுங்கள்.

இதில் ஓர் எல்லை உண்டு. இரவை மிச்சம் பிடிக்கிறேன் என்று விடிகாலை எழுந்து நாள் முழுக்க அலைந்துவிட்டு, இரவு வண்டியை எடுத்து வீட்டுக்கு ஓட்டுவது இந்தத் திட்டத்தில் சேராது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-லேயே ஆய்வு வந்துவிட்டது. காலை ஐந்துக்கு எழுந்தவருக்கு அது இரவு பத்து மணி. வீட்டு வாசலை அதற்கு முன்பே தொட முடியாது என்றால் தங்கிவிடுங்கள். ஒதுக்கி வைத்த 2 இரவு இதற்கும்தான்.

படி 4: வீட்டுத் தேதிகள் முதலில், டூர் தேதிகள் பிறகு

டூர் புரோகிராமை அனுப்பிய பிறகு வீட்டுத் தேதிகளை அதற்குள் நுழைக்கப் பார்த்தால் நடக்காது. வரிசையை மாற்றுங்கள். ஒவ்வொரு மாதமும் புரோகிராம் எழுதும் முன், வீட்டில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து அடுத்த மாதத்துக்கு இரண்டு மூன்று தேதிகளைக் கேட்டு வாங்குங்கள். எல்லாத் தேதியையும் காப்பேன் என்று கிளம்பினால் ஒன்றும் மிஞ்சாது. பள்ளி நிகழ்ச்சி, பிறந்தநாள், அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போகும் நாள். அவை விழும் வாரத்தில் பக்கத்துப் பகுதி வேலையைப் போடுங்கள்.

குழந்தைகளிடம் "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துடுவேன்" என்று சொல்லாதீர்கள். பயணத்தில் அந்த நேரம் உங்கள் கையில் இல்லை. "சனிக்கிழமை காலையில் நான்தான் உன்னை வகுப்புக்குக் கூட்டிட்டுப் போவேன்" என்பது உங்கள் கையில் இருக்கிறது. குழந்தைக்கு வருத்தம் நீங்கள் இல்லாததால் மட்டும் வருவதில்லை; வாசலைப் பார்த்துப் பார்த்து ஏமாந்ததாலும் வருகிறது.

டூரில் இருக்கும்போதும் வீட்டு வேலையில் ஏதாவது ஒன்று முழுசாக உங்களிடம் இருக்கட்டும். பில் கட்டுவது, பள்ளியிலிருந்து வரும் செய்திகளுக்குப் பதில் போடுவது, தினமும் ஒரு பாடத்தின் வீட்டுப்பாடத்தைப் போனில் பார்ப்பது, எதுவானாலும் சரி. பாதி வேலையாக, "நீ ஆரம்பி, நான் வந்து முடிக்கிறேன்" என்று இருந்தால் அது உதவி ஆகாது, வீட்டில் இருப்பவருக்கு இன்னொரு சுமை.

திரும்பி வரும் முதல் இரண்டு மணி நேரத்தில்தான் சண்டைகள் அதிகம் வரும். காரணம் எளிது. நீங்கள் இல்லாத நாட்களில் வீடு ஒரு ஒழுங்கில் ஓடிக்கொண்டிருந்தது. களைப்போடு உள்ளே வந்து "ஏன் இன்னும் தூங்கல, இது ஏன் இங்க கிடக்குது" என்று கேட்டால், இத்தனை நாள் தனியாகச் சமாளித்தவருக்குக் கோபம் வராமல் என்ன வரும்? அவரும் நீங்கள் வந்ததும் எல்லாவற்றையும் உங்களிடம் கொடுத்துவிட்டு உட்காரக் காத்திருந்திருப்பார். இதற்கு ஒரு ஏற்பாடு செய்யலாம்: ரிப்போர்ட்டையும் செலவுக் கணக்கையும் கடைசி விசிட் முடிந்த ஊரிலேயே முடித்து அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். வந்த மாலை குளியல், சாப்பாடு, பேச்சு, அவ்வளவுதான். வீட்டுப் பிரச்சினைகள், பணக் கணக்கு எல்லாம் மறுநாள் காலை. அன்றைய சனி காலை முழுக்கக் குழந்தைகள் உங்கள் பொறுப்பு, வீட்டில் இருந்தவருக்கு ஓய்வு. இதை முன்கூட்டியே இருவரும் பேசி வைத்திருக்க வேண்டும்.

படி 5: பேட்டா கணக்கை மறைக்காமல் போடுங்கள்

இதைப் பலரும் வெளியே பேசுவதில்லை. நிறையக் கம்பெனிகளில் வெளியூர்த் தினப்படி, அதாவது பேட்டா, மாத வருமானத்தில் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது. சிக்கனமாகத் தங்கி மிச்சம் பிடித்த பணத்தில் வீட்டில் ஏதாவது ஒரு தவணை ஓடிக்கொண்டிருக்கும். 14 இரவை 8 ஆக்கினால் 6 நாள் பேட்டாவின் மிச்சம் போய்விடும்.

அதனால் திட்டத்தை மேலாளரிடம் கொண்டுபோகும் முன், ஒரு இரவுக்குச் செலவு போக உண்மையில் எவ்வளவு கையில் நிற்கிறது என்று பாருங்கள். அதை ஆறால் பெருக்கி, அந்தத் தொகையை வீட்டில் வைத்துப் பேசுங்கள். சில வீடுகளில் "அது போனால் போகட்டும்" என்பார்கள். சில வீடுகளில் இன்னும் ஆறு மாதம் அந்தப் பணம் தேவைப்படும். அப்படியானால் 14-லிருந்து 11, பிறகு 8 என்று இறங்குங்கள். கணக்கே போடாமல் தொடங்கினால் மூன்றாவது மாதம் பணம் இடிக்கும், நீங்களாகவே பழைய டூருக்குத் திரும்பிவிடுவீர்கள். அப்போது திட்டம் ஏன் தோற்றது என்பதுகூடத் தெரியாது.

படி 6: மேலாளரிடம் ஒரு காலாண்டு கேளுங்கள்

உங்கள் களைப்பைப் பற்றி ஒரு வரி சொன்னால் போதும். மீதி நேரம் காகிதத்தைப் பற்றிப் பேசுங்கள். பழைய மூன்று மாத இரவுப் பட்டியல், புதிய வாராந்திரத் திட்டம், மிச்சமாகும் ஹோட்டல் செலவு, இந்த மூன்றும் ஒரு பக்கத்தில் இருக்கட்டும். ஒரே காலாண்டுக்குச் சோதனையாக நடத்த அனுமதி கேளுங்கள். எதை அளக்கப் போகிறோம் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்: ஏ வகையின் ஆர்டர், மொத்த நிலுவை, சி வகையில் யாராவது ஆர்டரை நிறுத்தினார்களா. மூன்றில் எது மோசமானாலும் அந்தப் பகுதிக்கு மட்டும் பழைய முறைக்குத் திரும்புவதாக ஒப்புக்கொள்ளுங்கள். விசிட் எண்ணிக்கையைத்தான் உங்கள் கம்பெனி அளக்கிறது என்றால், நாள் குறித்த போனையும் ரிப்போர்ட்டில் காட்ட வழி உண்டா என்பதை அன்றைக்கே தீர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் எண்ணிக்கைக்காக மறுபடி ஓடத்தான் வேண்டியிருக்கும்.

அனுமதி கிடைத்த பிறகு வருகிற ஆபத்து வேறு. காலியான நாட்களைப் பார்த்ததும் "புதுப் பகுதி ஒன்று சேர்த்துக்கோயேன்" என்பார்கள். அதனால் நாட்காட்டியில் அந்த நாட்களைக் காலியாக விடாதீர்கள். அலுவலக நாள், போன் நாள், பக்கத்துப் பகுதி நாள் என்று பெயர் எழுதி வையுங்கள்.

அனுமதி கிடைக்கவில்லை என்றால், அறை மாற்றாமல் ஒரே இடத்தில் தங்குவது, தொலைவில் தொடங்குவது, ஒன்பது மணியைப் பதினொன்றாக்குவது ஆகியவற்றுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. நம் அலுவலரின் கணக்கில், முந்தின நாள் கிளம்பிய 2 இரவும் தள்ளிப்போட்டதால் வந்த 3 இரவில் ஒன்றிரண்டும் இதிலேயே குறையும். 14 என்பது 10, 11 ஆகும்.

திட்டம் சரியானாலும் களைப்பு போகவில்லை என்றால்

இரவுகள் குறைந்து, தொடர்ந்து இரண்டு வாரம் வீட்டில் தூங்கிய பிறகும் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். வெறும் பயணக் களைப்பு என்றால் அதற்குள் பெரும்பாலும் தெளிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வேலைச் சோர்வுக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போன உணர்வு, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, செய்கிற வேலையில் திறன் குறைவது. வாடிக்கையாளர் பெயர் போனில் வந்தாலே எரிச்சல், எளிய விலைப்புள்ளி ஒன்றைத் தயாரிக்க அரை நாள் என்ற நிலை இரண்டு வார ஓய்வுக்குப் பிறகும் தொடர்ந்தால், டூர் திட்டத்தை இன்னும் திருத்திக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். தூங்குவதற்காகத் தினமும் குடிக்க வேண்டியிருக்கிறது, வீட்டில் இருக்கும்போதும் எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். போகும்போது படி 1-ல் எழுதிய இரவுப் பட்டியலையும் எடுத்துப் போங்கள். எத்தனை மாதமாக எத்தனை இரவு வெளியே தங்குகிறீர்கள் என்று அவர் கேட்டால் பதில் கையிலேயே இருக்கும்.